8800 எம்ஏஎச் மினி யுபிஎஸ்: வைஃபை உண்மையில் எத்தனை மணி நேரம் தாங்குகிறது?

செல்வகுமார்: மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை கரண்ட் இருக்காது. ஃபைபர் மோடம் ஒன்று, தனி ரவுட்டர் ஒன்று. 8800 எம்ஏஎச் மினி யுபிஎஸ் போட்டால் எட்டு மணி நேரம் ஓடும் என்கிறார் கடைக்காரர். அனுபவத்தில் எவ்வளவு வருகிறது?

ரவி_திருச்சி: எட்டெல்லாம் வராது. அடாப்டரைப் பாருங்கள்: மோடத்துக்கு 12 வோல்ட் 1 ஆம்பியர், ரவுட்டருக்கு 12 வோல்ட் 1.5 ஆம்பியர். மொத்தம் 30 வாட். ஒரு மணி நேரம் வந்தாலே பெரிது.

மின்பணி மாறன்: ரவி, அடாப்டரில் இருப்பது அதால் கொடுக்க முடிந்த உச்சம். பெட்டி இழுப்பது அதில் பாதிகூட இருக்காது. இதே மாதிரி ஒரு ஜோடியை டிசி மீட்டரில் அளந்தபோது மோடம் 0.35, ரவுட்டர் 0.45 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து 9.6 வாட்தான்.

கடைக்காரர் கணக்கு சறுக்குவது வேறு இடத்தில். அந்த 8800 உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான அளவு. வெளியே போவதோ 12 வோல்ட். 8.8-ஐ 3.7-ஆல் பெருக்கினால் சுமார் 32.5 வாட்-அவர். வோல்டேஜை ஏற்றும் சர்க்யூட் சூடாகவே ஒரு பங்கைத் தின்றுவிடும். 85 சதவீதம் கைக்கு வரும் என்று வைத்தால் 27.6. அதை 9.6-ஆல் வகுத்தால் மூன்று மணிக்குக் கொஞ்சம் குறைவு. கடிகாரம் வைத்துப் பார்த்ததில் 2 மணி 45 நிமிடம் வந்தது. புது பேட்டரியில், அதுவும் பெட்டியில் போட்டிருக்கும் 8800 நிஜமாக இருந்தால்.

செல்வகுமார்: அப்போ 12 மணிக்கு முன்னாடியே போயிடும். வேறு வழி?

மின்பணி மாறன்: மோடத்திலேயே வைஃபை இருந்தால் கரண்ட் போனதும் தனி ரவுட்டரைக் கழற்றிவிடுங்கள். வைஃபையோடு மோடம் மட்டும் 7 வாட் அளவில் நிற்கும். நாலு மணி நேரத்தை நெருங்கும். 5 கிகாஹெர்ட்ஸை அணைத்தால் இன்னும் ஒரு வாட் மிச்சம், நாலரை மணி. ரெண்டு மணி வரை முழுசாக வராது, ஆனால் சாப்பிடும் நேரத்தில் அரை மணி அணைத்து வைத்தால் ஒப்பேற்றலாம்.

கவிதா எம்: எங்கள் தெருவில் வைஃபை சின்னம் நிற்கிறது, நெட் மட்டும் போகிறது. யுபிஎஸ் மட்டமா?

மின்பணி மாறன்: யுபிஎஸ் மேல் பழி போடாதீர்கள். வீட்டுக்குள் வருவது ஃபைபரா, லேன் ஒயரா? லேன் ஒயர் என்றால் கம்பத்திலோ பக்கத்து மாடியிலோ ஆபரேட்டரின் சுவிட்ச் பெட்டி இருக்கும். அதற்கும் அதே கரண்ட்தான். உங்களிடம் எவ்வளவு பெரிய பேட்டரி இருந்தும் பயனில்லை. ஃபைபரில் நடுவழியில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம். ஆபரேட்டர் முனையில் பேக்கப் இருந்தால் போதும். கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் மோடத்தில் ஃபைபர் சிக்னல் இல்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால், பெரும்பாலும் அந்த முனையில் பேட்டரி தீர்ந்திருக்கிறது.

கவிதா எம்: லேன் ஒயர்தான். ஆபரேட்டரிடம் கேட்கிறேன்.

ஜோசப்_நாகர்கோவில்: செல்வகுமார், இன்னொன்று. கரண்ட் வந்து ரெண்டு மணி நேரத்தில் மறுபடி போனால் அரை மணிகூடத் தாங்காது. ரவுட்டரோடு வந்த 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரையே யுபிஎஸ்ஸில் செருகுவதுதான் காரணம். 12 வாட்டில் 9.6 ஓட்டத்துக்கே போகிறது, மிச்சம் 2.4 வாட்டில் 32 வாட்-அவர் நிரம்பப் பாதி நாளுக்கு மேல் ஆகும். யுபிஎஸ் லேபிளில் உள்ளீடு 2 ஆம்பியர் வரை என்று போட்டிருந்தால் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் வாங்கிப் போடுங்கள்.

பின்னையும் பாருங்கள். 2.1 மிமீ, 2.5 மிமீ என்று இரண்டு ரகம். 2.5 பின் ரவுட்டரின் 2.1 குழியில் ஏறினால் லூசாக நிற்கும், ஒயர் அசைந்தாலே ரீஸ்டார்ட்.

ரவி_திருச்சி: கடைசி பத்து நிமிடம் எல்லா விளக்கும் எரிந்து அணைந்து எரிகிறதே, அதுவும் பின்தானா?

மின்பணி மாறன்: இல்லை. செல் தீரும்போது வோல்டேஜ் சரிந்து ரவுட்டர் அணையும். சுமை இறங்கியதும் வோல்டேஜ் கொஞ்சம் எழும், ரவுட்டர் பூட் ஆகும், அந்த இழுப்பில் மறுபடி சரியும். அதைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

ஜோசப்_நாகர்கோவில்: வருஷம் முழுக்கச் செருகியே வைப்பதால்தான் செல் சீக்கிரம் சாகிறது என்பேன்.

மின்பணி மாறன்: ரவுட்டர் மேலேயே யுபிஎஸ்ஸை அடுக்கி வைப்பதால் ஏறும் சூடுதான் முதல் எதிரி என்பது என் கணிப்பு. எதுவானாலும் பெட்டி உப்பினால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

ஜோசப்_நாகர்கோவில்: தனியாகத் தள்ளி வைத்த என் யுபிஎஸ்ஸும் ரெண்டு வருஷத்தில் பாதி நேரத்துக்கு வந்துவிட்டதே, மாறன்?