‘தலசீமியா ட்ரெய்ட்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

மருத்துவ மொழிபெயர்ப்பாளர், மதுரை

அன்புடையீர், தலசீமியா என்னும் மரபுவழி இரத்தக் குறைபாட்டின் மரபணு ஒன்றை மட்டும் பெற்றிருக்கும் நிலையான பீட்டா தலசீமியா ட்ரெய்ட், குழந்தையின் இரத்தப் பரிசோதனையில் தெரிந்த பெற்றோருக்கான துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்த்துவருகிறேன். ‘தலசீமியாப் பண்பு’ என்று எழுதினேன், படித்துப் பார்த்த என் அக்கா, “நல்ல பண்பா, கெட்ட பண்பா?” என்று கேட்டார். அதன் மற்றோர் ஆங்கிலப் பெயரான ‘தலசீமியா மைனர்’ என்பதை வைத்துச் ‘சிறு தலசீமியா’ என்றால், வளர வளர அது பெரிதாகிவிடும் என்ற அச்சம் எழுகிறது. ‘கேரியர்’ என்பதற்குக் ‘காவி’ என்றாலோ இங்கே நிறம்தான் நினைவுக்கு வருகிறது. வேறு சொல் உண்டா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

எளிய சொல்லே போதும் என்பது என் கருத்து. இரும்புச்சத்துக் குறைவால் வருவது இரத்தசோகை. அதே குறைவு பரம்பரையாக வந்தால் அது ‘மரபு இரத்தசோகை’. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் இரண்டுக்கும் பொருந்துவதால், பெற்றோரும் குழப்பமின்றிப் புரிந்துகொள்வார்கள்.

குருதியியல் ஆய்வக மருத்துவர், சென்னை

ஐயா, ‘மரபு’ என்றது சரி. ‘அதே குறைவு’ என்றதுதான் இடறுகிறது. தலசீமியா ட்ரெய்ட்டில் இரும்பு குறைவதில்லை. ஹீமோகுளோபினின் ஓர் இழையான பீட்டா குளோபினை உருவாக்கும் இரண்டு மரபணுக்களில் ஒன்று சரிவர வேலை செய்யாததால், சிவப்பணுக்கள் சிறியனவாக உருவாகின்றன. இரும்புக் குறைவிலும் அணுக்கள் சிறுத்துவிடுவதால்தான் இரண்டும் ஒன்றெனத் தோன்றுகின்றன.

பதினான்கு மாதக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 9.8, சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்சிவி 58. இவ்வளவையும் பார்த்தவுடன் இரும்புச் சொட்டு மருந்து எழுதத் தோன்றும். ஆனால் சிவப்பணு எண்ணிக்கை 56 லட்சம். இரும்பு போதாத உடல் இத்தனை அணுக்களை உருவாக்கத் திணறும். இங்கோ அணுக்கள் சிறியவை, ஆனால் ஏராளமானவை. எம்சிவியை மில்லியன் கணக்கிலான எண்ணிக்கையால் வகுத்தால், 58-ஐ 5.6-ஆல் வகுக்கச் சுமார் 10 வருகிறது. இந்த ஈவு 13-க்குக் கீழ் இருந்தால் தலசீமியாவை ஐயுறலாம். எம்சிவி 68, எண்ணிக்கை 46 லட்சம் என்றிருக்கும் மற்றொரு குழந்தைக்கு ஈவு ஏறத்தாழ 15. அங்கே இரும்புக் குறைவையே முதலில் தேட வேண்டும்.

இது ஐயத்தை எழுப்பும் கணக்கே அன்றி முடிவன்று; சிறு குழந்தைகளிடம் தவறவும் செய்யும். ஆகவே அந்தக் குழந்தைக்கு இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தோம். அது 38, அதாவது போதுமான அளவு. ஹீமோகுளோபின் வகைகளுள் ஒன்றான ஏ2-வின் அளவு 5.2 விழுக்காடு, வழக்கமாக அது 3.5-க்கு மேற்படுவதில்லை. அதன் பிறகே பீட்டா ட்ரெய்ட் என்று எழுதினோம்.

ஒரு தாய், சேலம்

நான் மொழி அறிஞர் அல்லள். என் மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாம் மாதத்தில் ஏ2 அளவு சரியாக இருக்கிறது என்று அறிக்கை வந்தது. பிறகு மூன்று மாதம் இரும்புச் சொட்டு மருந்து கொடுத்தும் ஹீமோகுளோபின் உயரவில்லை. ஒன்றேகால் வயதில் மீண்டும் பார்த்தபோதுதான் ட்ரெய்ட் என்றார்கள். முதல் அறிக்கை பொய்யா?

குருதியியல் ஆய்வக மருத்துவர், சென்னை

பொய்யன்று, அம்மா, காலம் முந்திய பரிசோதனை. ஐந்து மாதத்தில் கருக்கால ஹீமோகுளோபின் முழுதும் விலகியிராது; ஏ2 தன் இயல்பான அளவை எட்டியிராது. ஒரு வயதுக்குப் பின் பார்ப்பது நல்லது. இன்னொரு பொறியும் உண்டு. ட்ரெய்ட் உள்ள குழந்தைக்கு இரும்புக் குறைவும் சேர்ந்துகொள்ளலாம். அப்போது ஏ2 சற்றுத் தாழ்ந்து ட்ரெய்ட்டை மறைக்கக்கூடும். எனவே ஃபெரிட்டின் குறைந்திருந்தால் இரும்பு கொடுத்து, அது நிரம்பிய பின் ஏ2-ஐ மீண்டும் பார்க்க வேண்டும். காய்ச்சல் நேரத்தில் எடுத்த ஃபெரிட்டின் உயர்ந்து காட்டும் என்பதால், அதையும் நம்பிவிடக் கூடாது. தாங்களும் கணவரும் பரிசோதித்துக்கொண்டீர்களா? இருவருக்கும் ட்ரெய்ட் இருந்தால், ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

மருத்துவ மொழிபெயர்ப்பாளர், மதுரை

அப்படியானால் ஒரு பெற்றோரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்லிலேயே வைத்து, ‘ஒற்றைமரபுத் தலசீமியா’ எனலாமா?

குருதியியல் ஆய்வக மருத்துவர், சென்னை

பீட்டாவுக்கு அழகாகப் பொருந்துகிறது, ஆல்ஃபாவில் உடைந்துவிடும். ஆல்ஃபா குளோபினுக்கு மரபணுக்கள் நான்கு. அவற்றில் இரண்டு இழந்தால் ட்ரெய்ட். அந்த இரண்டும் ஒரே பெற்றோரிடமிருந்தும் வரலாம், இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாகவும் வரலாம். மேலும், ‘தலசீமியா’ என்று முடியும் எந்தச் சொல்லும் நோயாகவே காதில் விழும். ‘தலசீமியா ஏந்துநிலை’ என்றால் நிலையை மட்டுமே சுட்டும்.

ஒரு தாய், சேலம்

‘ஏந்து’ என்றால் கையேந்துவதுபோல எனக்குப் படுகிறது. கணவருக்கு ட்ரெய்ட் இருக்கிறது. என் அறிக்கை வியாழக்கிழமை வரும்.

மருத்துவ மொழிபெயர்ப்பாளர், மதுரை

குழந்தையையும் ஏந்தத்தானே செய்கிறோம், அம்மா? இப்போதைக்குத் துண்டறிக்கையில் ‘பீட்டா தலசீமியா ஏந்துநிலை’ என்று எழுதி, அதன் கீழே ‘இரும்புச்சத்துக் குறைவு இருப்பதாக உறுதியானால் மட்டுமே இரும்பு மருந்து’ என்ற வரியைத் தடித்த எழுத்தில் சேர்க்கிறேன். ஆசிரியர் ஐயாவின் மறுப்பை எதிர்பார்க்கிறேன்.