திரைப்பகிர்வா, தொலையமர்வா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிக் கணினி அறைக்கு ஒரு பயிற்சித்தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மாணவரின் திரையை என் மேசையிலிருந்தே பார்ப்பது, தேவைப்பட்டால் சுட்டியை நகர்த்திக் காட்டுவது, இதுதான் பாடம். 'திரைப்பகிர்வு' என்று தலைப்புப் போட்டுவிட்டேன்.

சிக்கல் இரண்டாம் பக்கத்தில். வேறொரு கணினியைத் தூரத்திலிருந்து இயக்க விண்டோஸில் இருக்கும் ஆர்.டி.பி. வழியாக ஒரு கணினிக்குள் நுழைந்தேன். எனக்குத் திரை வந்தது. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த பையனின் திரை பூட்டிக்கொண்டது. நான் செய்து காட்டிய எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. இதையும் பகிர்வு என்று எழுதலாமா? அறையில் விண்டோஸும் உண்டு, உபுண்டு 22.04-உம் உண்டு. என்னுடையது மேக்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தெலுக் இந்தான்

அன்புள்ள டீச்சர், உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் பிழை இன்னும் முன்னாலேயே இருக்கிறது. பகு என்னும் வேரிலிருந்து பகுதி, பங்கு, பகிர், பகல் எல்லாம் கிளைத்தன. நாளைப் பகுப்பதால் அது பகல். நுகத்தடியின் நடுவில் நிற்கும் ஆணிக்குப் பகலாணி என்றே பெயர். பகிர்ந்தால் கையிலிருப்பது குறைய வேண்டும். திரையோ குறைவதில்லை, இருவருக்கும் முழுதாக நிற்கிறது. ஆகவே 'உடன்காட்சி' என்பதே பொருந்தும். மேலும் 'திரை' என்றவுடன் பிள்ளைகளுக்குச் சினிமா நினைவு வரும். பழைய நூல்களில் அது கடல் அலை.

கணினி பழுதுபார்ப்புக் கடை, சுங்கை சிப்புட்

ஐயா, உடன்காட்சி அழகான சொல்தான். ஆனால் என் கடைக்கு வரும் பிள்ளைகளிடம் சொன்னால் புரியாது. மலாய்ப் பாடத்தில் படித்த 'கொங்சி' அவர்கள் வாயில் தானாக வருகிறது, அதற்கு நேரான தமிழ் பகிர்வுதான்.

டீச்சர் இவ்வளவு யோசிக்க வேண்டாம். தூரத்துத் திரையைக் காட்ட வி.என்.சி. என்று இன்னொரு முறையும் உண்டு. வி.என்.சி. என்றால் பகிர்வு, ஆர்.டி.பி. என்றால் வேறு, அவ்வளவுதான். ஆர்.டி.பி. எல்லா விண்டோஸிலும் இருக்கிறது, காசும் இல்லை. தாளில் இரண்டு பெயரையும் போட்டுவிடுங்கள்.

நிரலாளர், கோலாலம்பூர் (பிறந்தது சுங்கை சிப்புட் தோட்டம்)

அண்ணே, பாதி சரி. ஆர்.டி.பி. வழியாக வெளியே போகும் செயலி எல்லா விண்டோஸிலும் உண்டு. ஆனால் உள்ளே வர விடும் வசதி ஹோம் பதிப்பில் இல்லை, ப்ரோ போன்றவற்றில்தான் உண்டு. டீச்சர் ஒவ்வொரு கணினியிலும் `winver` என்று தட்டினால் எந்தப் பதிப்பு என்று தெரிந்துவிடும். பையனின் திரை பூட்டிக்கொண்டதும் பழுது இல்லை. சாதாரண விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒருவருடைய அமர்வைத்தான் திறந்து வைக்கும். நீங்கள் உள்ளே போனால் அவன் வெளியே. வீட்டிலிருந்து அலுவலகக் கணினியில் வேலை செய்ய அது வசதி, வகுப்புக்கு உதவாது.

ஆனால் நெறிமுறையின் பெயரை வைத்துச் சொல்லைப் பிரிக்காதீர்கள். உபுண்டு 22.04-இன் அமைப்புகளில் தொலைமேசையை இயக்கினால் அது பேசுவது ஆர்.டி.பி.தான். ஆனாலும் பையன் பார்த்துக்கொண்டிருக்கும் அதே திரை உங்களுக்கும் வரும், அவனுடையது பூட்டாது. மறுபக்கம், லினக்ஸில் டைகர் வி.என்.சி. தரும் எக்ஸ்.வி.என்.சி.யை ஓட்டினால் யார் கண்ணிலும் படாத புதிய மேசை ஒன்று தனியாகத் திறக்கும். பெயர் வி.என்.சி., ஆனால் பகிர்வு இல்லை. நெறிமுறை என்பது படமும் விசையழுத்தமும் கம்பியில் எப்படிப் போகின்றன என்பதை மட்டும் சொல்கிறது. எந்தத் திரை போகிறது என்பது அந்தந்தச் செயலியின் முடிவு.

எனவே செயலுக்குப் பெயர் வைப்போம். இருவரும் ஒரே திரையைப் பார்த்தால் திரைப்பகிர்வு. தூரத்திலிருந்து தனக்கென ஓர் அமர்வைத் திறந்தால் தொலையமர்வு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி பிரித்த விதம் தெளிவு. ஆனால் 'தொலை' எனக்கு உறுத்துகிறது. தொலைதல் காணாமற்போவது. தூரத்துக்குச் 'சேண்' என்ற நல்ல சொல் இருக்கிறதே. 'சேணமர்வு' என்றால் என்ன?

தமிழ்ப்பள்ளி ஆசிரியை

ஐயா, மன்னிக்கவும். பிள்ளைகள் அதைக் குதிரைச் சேணத்தில் அமர்வது என்றுதான் படிப்பார்கள். தொலைபேசி, தொலைக்காட்சி இரண்டும் நிலைத்த பிறகு 'தொலை' யாரையும் குழப்புவதில்லை.

தோட்ட அலுவலக எழுத்தர், பீடோர்

வணக்கம். சொல் எதுவானாலும் சரி. என் மகன் ஜொகூர் பாருவில் விடுதியில் படிக்கிறான். நான் ஒவ்வொரு முறை கணினியில் மாட்டிக்கொள்ளும்போதும் அவன்தான் அங்கிருந்து சரிசெய்ய வேண்டும். இங்கே கைப்பேசி இணையம்தான். நீங்கள் சொல்லும் வி.என்.சி. போட்டுப் பார்த்தோம், இணையவே இல்லை. பிறகு ஒரு நிறுவனத்தின் இலவசக் கருவி வேலை செய்தது. கொஞ்ச நாளில் வணிகப் பயன்பாடு என்று சொல்லி இடையிடையே துண்டிக்கிறது. இது பகிர்வா, அமர்வா?

நிரலாளர்

அக்கா, அதுவும் பகிர்வுதான், நீங்களும் பார்க்கிறீர்கள் அல்லவா? ஆனால் உங்கள் தேவை டீச்சருடையது அல்ல. பள்ளியில் எல்லாக் கணினியும் ஒரே வலையமைப்பில் இருக்கின்றன. அதனால் டீச்சர் மாணவரின் கணினி முகவரிக்கு நேரே போகலாம். கைப்பேசி இணையத்தில் பெரும்பாலும் பலருக்குச் சேர்த்து ஒரே வெளிமுகவரி. வெளியிலிருந்து மகன் கூப்பிட்டால் உங்கள் கணினிக்கு வந்து சேர வழியில்லை. நிறுவனக் கருவிகளில் இரு பக்கமும் வெளியே புறப்பட்டு நடுவிலிருக்கும் சேவையகத்தில் சந்திக்கின்றன, அதனால்தான் அது வேலை செய்தது. ரஸ்ட்டெஸ்க் திறந்த மூலம், அதே முறையில் இயங்குகிறது. மகன் படிக்கிற பிள்ளை, வாடகைச் சேவையகம் ஒன்றில் அந்த நடு இடத்தைத் தானே அமைத்துக்கொள்ளலாம். யாராவது முன்பின் தெரியாதவர் அழைத்து இப்படி ஒரு கருவியை நிறுவச் சொன்னால் மட்டும் உடனே வைத்துவிடுங்கள்.

டீச்சர், உங்களுக்கு: விண்டோஸில் டைட் வி.என்.சி. சேவையகம், மேக்கில் ஏற்கெனவே இருக்கும் திரைப்பகிர்வுச் செயலி. அது வி.என்.சி. பேசும். உபுண்டுவில் முதலில் இதைத் தட்டுங்கள்:

```
echo $XDG_SESSION_TYPE
```

`wayland` என்று வந்தால் எக்ஸ்11 வி.என்.சி. போன்ற பழைய சேவையகங்கள் திரையைப் பிடிக்க முடியாது. திரையைக் கையாளும் புதிய முறையான வேலண்டில் ஒரு செயலி கேட்காமல் முழுத்திரையையும் படிக்க அனுமதி இல்லை. அங்கே உபுண்டுவின் சொந்தத் தொலைமேசையையே பயன்படுத்துங்கள், மேக்கில் ஓர் ஆர்.டி.பி. செயலி போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நுழைவுத் திரையில் பற்சக்கரக் குறியை அழுத்தி பழைய முறையான 'உபுண்டு ஆன் எக்ஸ்.ஆர்க்' தேர்ந்தெடுக்கலாம், அங்கே அந்தப் பழைய சேவையகங்கள் வேலை செய்யும்.

இன்னொன்று. பழைய வி.என்.சி. கடவுச்சொல்லில் முதல் எட்டு எழுத்துகள்தான் கணக்கு, மீதியை அது பார்ப்பதே இல்லை. கடவுச்சொல் சரிபார்த்த பிறகு போகும் படம் மறைகுறியாக்கப்படாமல்தான் போகும். பள்ளி வலையமைப்புக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், திசைவியில் வி.என்.சி. பயன்படுத்தும் 5900-ஆம் துறையை வெளியே திறந்துவிடாதீர்கள்.

கணினி பழுதுபார்ப்புக் கடை

ஹோம் விஷயம் சரி, கடையில் இரண்டு கணினியில் பார்த்துவிட்டேன். ஆனால் 'தொலையமர்வு' எனக்கு இன்னும் கூட்டம் நடத்துவது போலவே ஒலிக்கிறது. 'தொலைநுழைவு' என்று வைத்தால் வாடிக்கையாளருக்குப் புரியும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை

அண்ணே, நுழைவு என்றால் உள்ளே போனது மட்டும்தான் தெரிகிறது. முன்னாலிருப்பவன் வெளியே தள்ளப்பட்டது அதில் இல்லை. அமர்வு என்றால், ஓர் இருக்கை, ஒருவர்தான் அமரலாம் என்று வகுப்பில் விளக்க எனக்கு வசதி. அச்சகத்துக்கு இன்று அனுப்ப வேண்டும், அதனால் திரைப்பகிர்வு, தொலையமர்வு இரண்டையும் போட்டுவிட்டேன். ஐயாவின் உடன்காட்சியை முதல் பக்கத்தில் ஒரு வரியில் குறித்திருக்கிறேன். கைப்பேசித் திரையைத் தொலைக்காட்சிக்கு அனுப்புவதற்குச் சொல் கிடைக்காததால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஒரு வரி போதாது டீச்சர். அடுத்த அச்சில் தலைப்பாகவே கேட்பேன். தொலைக்காட்சிக்கு அனுப்புவதற்குத் 'திரைவீச்சு' பொருந்துமா? வீசு என்னும் வேரைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.