நேர்காணலில் மூன்று வேலைகளின் கதை மட்டும்: உங்கள் அனுபவம் எப்படி?

ஈசூன்வாசி:
அண்மையில் தஞ்சோங் பகாரில் செயலி வடிவமைப்பாளர் வேலைக்கு ஒரு நேர்காணல். 45 நிமிடம் கொடுத்தார்கள். முடித்த வேலைகளை வரிசையாக ஓட்டிக் காட்டாமல், மூன்றை மட்டும் எடுத்து ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் என்று பிரித்துக்கொண்டேன். மீதி நேரம் கேள்விக்கு.

முதலாவது, உணவங்காடியில் ஆர்டர் கொடுக்கும் திரை. நான்கு மொழியிலும் வர வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருந்த பொத்தான், தமிழில் ‘கட்டணம் செலுத்துக’ என்றதும் பாதியில் வெட்டுப்பட்டது. எழுத்தைச் சிறிதாக்கி வைத்தோம். சோதனையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரையோடு முகத்தை ஒட்டிப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் கடைக்காரரிடமே போய் வரிசையில் நின்றுவிட்டார். அதன் பிறகுதான் பொத்தானைத் திரையின் முழு அகலத்துக்கு நீட்டி, இரண்டு வரி அடங்கும் உயரம் கொடுத்தேன். நேர்காணலில் காட்ட, கைவிட்ட திரையைப் பெரிதாகவும் இறுதித் திரையைப் பக்கத்தில் சிறிதாகவும் வைத்திருந்தேன். கேள்விகள் பெரும்பாலும் கைவிட்டதைப் பற்றித்தான்.

தெம்பனிஸ் குமார்:
அதான் சொல்கிறேன், முடித்த வேலைகளின் படத்தொகுப்பே இனித் தேவையில்லை. தூக்கிவிடலாம்.

சிராங்கூன் அக்கா:
தம்பி, பாதி சரி. நான் ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்கிறவள். அழைப்பதற்கு முன் விண்ணப்பங்களைப் புரட்டும்போது படங்கள்தான் கண்ணில் படும். அட்டைப்பெட்டி, ஓவிய வேலைகளில் கைத்திறனைப் படம்தான் காட்டும். கதை, அறைக்குள் வந்த பிறகு.

மூன்றையும் அழகு பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்றிலும் வேறு வேறு சிக்கல் இருக்கட்டும்: ஒன்றில் பயனர், ஒன்றில் நேரமோ பணமோ, ஒன்றில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு. ஒரே சிக்கல் திரும்ப வந்தால் மூன்றாவது கதையில் எங்கள் கவனம் போய்விடும். யோசனைகளை எழுதிச் சுவரில் ஒட்டிய மஞ்சள் தாள்களைக் காட்டியே ஐந்து நிமிடம் போக்குகிறவர்களும் உண்டு. “இதில் நீங்கள் செய்தது எது?” என்று நாங்கள் கேட்டால், ‘நாங்கள் செய்தோம், குழு செய்தது’ என்றே பேசியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பொங்கோல் மாணவன்:
அக்கா, என் பிடிஎஃப் ரொம்பப் பெரியது, மின்னஞ்சலில் போகவில்லை. மூன்று கோப்பாகப் பிரித்தால் போதுமா?

சிராங்கூன் அக்கா:
கோப்பைப் பிரிப்பது வேறு, தம்பி. உன் பலதுறை தொழிற்கல்லூரி வேலைகளில் எதில் முடிவை மாற்றினாய்? அதிலிருந்து தொடங்கு.

ஜூரோங்காரர்:
என் வேலை முழுக்க வங்கிக்கு, ரகசிய ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். பெயரை எடுத்துவிட்டு, திரைகளைச் சாம்பல் கட்டங்களாக மீண்டும் வரைந்தேன். ஓர் இடத்தில் ஒப்புக்கொண்டார்கள். இன்னோர் இடத்தில் அசலைக் காட்டு என்றார்கள். நான் காட்டவில்லை, வேலையும் கிடைக்கவில்லை.

ஈசூன்வாசி:
காட்டாததுதான் சரி, அண்ணா. அவர்கள் ரகசியத்தையும் நாளைக்கு இப்படித்தானே காப்பீர்கள்.

என்னுடைய மூன்றாவது, வெளிவராமலே நிறுத்தப்பட்ட செயலி. அதை வைக்கலாமா?

சிராங்கூன் அக்கா:
ஏன் நின்றது என்று தெளிவாகச் சொல்ல முடிந்தால் வையுங்கள்.

தெம்பனிஸ் குமார்:
நான் வைக்க மாட்டேன். பயன்படுத்தியவர்களே இல்லாத வேலையில் விளைவு என்னவென்று கேட்டால் எதைக் காட்டுவது?