சந்துப் பாதையை மறித்த சுவர்: இரண்டாவது மனுவும் இரண்டாவது கையெழுத்தும்

கீழத்தெரு வாசி
பதினான்கு வீட்டுக்கு ஒரே சந்து. முக்கு வீட்டுக்காரர் முதலில் படிக்கட்டு வைத்தார், அப்புறம் தகரக் கொட்டகை, 2023 மார்ச்சில் செங்கல் சுவர். அதோடு ஆட்டோ நின்றுபோனது. மனு எழுதி ஆறு போட்டோ சேர்த்துப் பேரூராட்சியில் கொடுத்தோம். அலுவலர் போட்டோக்களை மேசையில் பரப்பிவிட்டு, "இது எந்தச் சந்து? எல்லாத்திலும் சுவர் மட்டும்தானே தெரியுது?" என்றார். பதினோரு பேர் போயிருந்தோம், ஒருவர் வாயிலிருந்தும் பதில் வரவில்லை.

திரும்பி வந்து, மெயின் ரோட்டில் நின்று மின்கம்ப எண் தெரிகிற மாதிரி எடுத்தோம். சுவருக்கும் எதிர் வீட்டுத் திண்ணைக்கும் நடுவே டேப் பிடித்து, எண் படிக்கும்படி ஒன்று. பக்கத்து வீட்டு ஆல்பத்தில் 2019 அம்மன் சப்பரப் படம் கிடைத்தது. அதே கம்பம், திறந்த சந்து, பின்புறம் ஸ்டுடியோ முத்திரையோடு தேதி. சர்வே அளவுகள் உள்ள புலப்படத்தில் சந்தின் அகலம் 3.7 மீட்டர், மிஞ்சியிருந்தது 1.6. மனுவில் சர்வே எண்ணையும் இந்த இரண்டு அளவையும் எழுதி, படிக்கட்டு, கொட்டகை, சுவர் ஒவ்வொன்றும் எந்த மாதம் வந்தது என்று வரிசையாகப் போட்டோம். "இடியுங்கள்" என்று கேட்கவில்லை, "அளந்து எல்லை காட்டுங்கள்" என்று கேட்டோம். தாசில்தாருக்கும் ஒரு நகல்.

சர்வேயர் வந்து அளந்தார். மனுவில் இரண்டாவதாகக் கையெழுத்துப் போட்ட அண்ணனின் வாசல்படியும் 40 சென்டிமீட்டர் சந்துக்குள் இருந்தது. நோட்டீஸ் இரண்டு வீட்டுக்கும் போனது. சுவர் போய்விட்டது, அண்ணன் படியும் போனது. கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனவன் நான்தான். அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவதில்லை.

மேட்டுப்பட்டி
சுவர் கட்டிய உடனே மனு கொடுத்ததால் தப்பித்தீர்கள். 12 வருஷம் தாண்டினால் இடம் அவருக்கே. எங்கள் ஊரில் அப்படித்தான் ஒரு சந்து போனது.

தாலுகா கோர்ட் வக்கீல்
மேட்டுப்பட்டி சொல்லும் 12 வருஷம் தனியாருக்கும் தனியாருக்கும் நடுவே உள்ளது. பொதுத் தெருவை மீட்க உள்ளாட்சி போடும் வழக்குக்குக் காலவரம்புச் சட்டத்தில் 30 ஆண்டு இருக்கிறது. உங்கள் ஊர்ச் சந்து போனது வருஷக் கணக்கால் இருக்காது, பதிவேட்டில் அது தெருவாக இருந்ததா என்று பாருங்கள்.

இன்னொன்று. 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் முதலில் 7-ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ், பிறகுதான் 6-ஆம் பிரிவில் வெளியேற்ற உத்தரவு. நான் பார்த்த ஒரு கேஸில் 7 கொடுக்காமலே இடிக்கப் போனார்கள், எதிர்த்தரப்பு தடை வாங்கிவிட்டது. மனு கொடுத்தவர்கள் 7 கொடுக்கப்பட்டதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சரஸ்வதி, கரூர்
எங்களுக்கும் இதே கதை. என் மச்சினர் எங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் கேட் போட்டுவிட்டார். மூன்று மனு கொடுத்தோம், மூன்றுக்கும் "இது தனியார் பாகப் பாதை" என்றே பதில். கடைசி பதிலோடு வந்த கிராம உதவியாளர், "அக்கா, இது பஞ்சாயத்துப் பாதையே இல்லையே" என்று சொன்னபோது கேட்டுக்கு அந்தப் பக்கம் மச்சினர் நின்றிருந்தார். வக்கீல் சார், உள்ளாட்சியில் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்?

தாலுகா கோர்ட் வக்கீல்
பாகப்பத்திரத்தில் உள்ள பாதை என்றால் சிவில் கோர்ட்தான். மனுவில் வேலை ஆகாது.

ஓய்வுபெற்ற தபால்காரர்
என் கதை சின்னது. மனுவை நேரில் கொடுத்தேன், ரசீது வாங்கவில்லை, ஒரு வருஷம் கழித்து "அப்படி ஒன்று வரவில்லை" என்றார்கள்.

அதனால் சொல்கிறேன். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள், இல்லையென்றால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தால் மனு எண் தருவார்கள், அதை எழுதி வையுங்கள். பதிலே இல்லையென்றால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு, யார் மேசையில் இருக்கிறது, என்ன நடவடிக்கை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். போட்டோவைப் போனில் மட்டும் வைக்காதீர்கள். பிரிண்ட் போட்டுப் பின்னால் தேதியும், எங்கே நின்று எடுத்தது என்றும் எழுதுங்கள். கீழத்தெருவாசி சப்பரப் படத்தின் அசலைக் கொடுத்திருந்தால் தவறு, நகல்தான் கொடுக்க வேண்டும்.

மேட்டுப்பட்டி
எங்கள் சந்து நத்தத்தில் வருகிறது. ஆன்லைனில் புலப்படம் கிடைக்கவில்லை. அகலம் எவ்வளவு என்று எதை வைத்து எழுதுவது?

கீழத்தெரு வாசி
தாலுகா அலுவலகத்தில் நத்தம் பதிவேட்டு நகல் கேட்டுப் பாருங்கள். ஐயா, சப்பரப் படம் நகல்தான் கொடுத்தோம், அசல் பக்கத்து வீட்டு ஆல்பத்திலேயே இருக்கிறது.

கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் பதினான்கு வாசலையும் நாங்களே டேப் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் அண்ணன் தானாகவே படியை எடுத்திருப்பார்.

சரஸ்வதி, கரூர்
எடுத்திருப்பாரா?