பெட்ரோல் ஸ்டாக் தினமும் குறைகிறது, பங்க் கணக்கு தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் பங்கில் காலை கணக்கு நான்தான் பார்க்கிறேன். நேற்று பெட்ரோல் டேங்கில் தொடக்க டிப் 9,240 லிட்டர், லோடு எதுவும் இறங்கவில்லை. மீட்டரில் ஓடியது 3,180. அதில் நாலு நாசிலுக்கும் ஐந்து லிட்டர் கேனில் டெஸ்டிங் பிடித்து டேங்கிலேயே திரும்ப ஊற்றிய 20 லிட்டரைக் கழித்தால் விற்பனை 3,160, அப்படியானால் 6,080 இருக்க வேண்டும். டிப்பில் வந்தது 6,032.

48 லிட்டர், அதாவது ஒன்றரை சதவீதம். ஆவியாவது இவ்வளவு இருக்காது என்றுதான் நினைக்கிறேன். முதலில் டெஸ்டிங்கை விற்பனையிலும் கழித்து வரவிலும் சேர்த்திருந்தேன், அதைத் திருத்திய பிறகும் இதே நிலைதான்.

எங்கள் 20,000 லிட்டர் டேங்கில் நடுப்பகுதியில் ஒரு மில்லிமீட்டர் என்பதே கிட்டத்தட்ட 12 லிட்டர், அதனால் ஸ்கேலை நாலு மில்லிமீட்டர் தப்பாகப் படித்தாலே இவ்வளவு வந்துவிடும், சரி. ஆனால் அப்படியென்றால் சில நாள் கூடவும் வர வேண்டுமே? ஒரு வாரமாக ஒருநாள்கூட கூடவில்லை.

கேனில் ஒரு நாசில் மட்டும் 20 மில்லி அதிகம் கொடுக்கிறது. எல்லா விற்பனையும் அதில் போனாலும் 13 லிட்டருக்கு மேல் வராது. அடுத்து எதைப் பார்ப்பது, டேங்க் சார்ட்டையா, பைப் கசிவையா? இரவில் விற்பனையை நிறுத்தி இரண்டு முறை டிப் எடுத்துப் பார்த்தவர்கள் எத்தனை மணி நேரம் விட்டீர்கள் என்று சொல்லுங்கள்.