புதுப்பிப்பு: பூண்டுத் தட்டைக்கான அறிவிப்பு வரி

நான் கேட்டிருந்தது: "வீட்டில் புதிதாகச் செய்யும் பூண்டுத் தட்டையை அறிவிக்க மூன்று வரி போதும், எதை முதலில் சொல்வது?"

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. விலையை மறைத்தால் பலர் விசாரிப்பார்கள் என்று ஒரு தம்பி சொன்னதை முதல் வாரம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் செய்து பார்த்தேன். பதினொரு பேர் விசாரித்தார்கள், ஆனால் விலையைச் சொன்னபின் நான்கு பேர்தான் வாங்கினார்கள். பலகாரத் தொழிலில் நெடுநாள் அனுபவமுள்ள அக்கா, "சுவையான, மொறுமொறுப்பான என்று எல்லோரும் எழுதுவார்கள், அளவையும் நாளையும் முதலில் வை" என்றார். அதன்படி மறுவாரம் இப்படி எழுதினேன்:

"பூண்டுத் தட்டை. இந்த வாரம் 4 கிலோ மட்டும்.
வெள்ளி காலை செக்குக் கடலை எண்ணெயில் பொரித்து, மாலையே அனுப்புகிறோம்.
200 கிராம் 110 ரூபாய், 20 பாக்கெட். வியாழன் இரவுக்குள் சொல்லவும்."

வியாழன் நண்பகலுக்குள் இருபதும் முடிந்தன. முன்பதிவு எண்ணிக்கை கையில் இருந்ததால் மாவு மிஞ்சவில்லை.

தட்டை நமுத்துப்போவதைப் பற்றி நான் கேட்டதாக எண்ணி, சூடு முழுதும் ஆறியபின் அடைக்கச் சொன்ன அண்ணனின் குறிப்பும் பயன்பட்டது; பாக்கெட்டின் உள்ளே ஆவி படியவில்லை.

எதிர்பாராதது ஒன்று: வேர்க்கடலை ஒவ்வாத குழந்தையின் தாய் ஒருவர், மாவில் கடலை உண்டா என்று கேட்டார். மாவில் இல்லை, ஆனால் பொரிக்கும் எண்ணெயே கடலை எண்ணெய் என்று சொல்லி, வாங்க வேண்டாம் என்றேன். இப்போது "வேர்க்கடலை ஒவ்வாதவர்களுக்கு ஏற்றதல்ல" என்பதை நான்காம் வரியாகச் சேர்த்துவிட்டேன். விலையை முதல் வரிக்கே கொண்டுவரலாமா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.