லேட் கொலிஷன் ஏறிக்கிட்டே போகுது: பிங் சுத்தம், பேக்கப் மட்டும் நகர மாட்டேங்குது

குளச்சல் கரை:
குளச்சல்ல ஒரு ஐஸ் பிளாண்ட் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை பாக்கேன். பில் போடுற கம்ப்யூட்டர் ஆறு, லினக்ஸ் சர்வர் ஒண்ணு, நடுவுல பழைய சிஸ்கோ 2960 சுவிட்ச். பகல்ல பில் போடுறதுல ஒரு குறையும் இல்ல. சாயங்காலம் 300 எம்.பி. பேக்கப்பை சர்வருக்கு அனுப்பினா அரை மணி நேரம் ஆனாலும் முடியல, சில நாள் பாதியில அறுந்தும் போகுது. பிங் போட்டா ஒண்ணு கூட தவறாம வருது. கேபிளும் மாத்திட்டேன், 12 மீட்டர்தான். சர்வர் இருக்கிற Fa0/7 போர்ட்ல இப்படி காட்டுது:

```
Half-duplex, 100Mb/s, media type is 10/100BaseTX
0 babbles, 2197 late collision, 0 deferred
```

அந்தப் போர்ட்ல சி.ஆர்.சி. 0. மத்த போர்ட் எதுலயும் லேட் கொலிஷன் இல்ல. எங்க இருந்து தொடங்கணும்?

வடசேரிக்காரன்:
குளச்சல்னா உப்புக்காத்துதான் தம்பி. ஜாக் உள்ள ஊசி பச்சை புடிச்சிருக்கும், புதுக் கேபிள் போட்டாலும் அது போகாது. சுவிட்ச்ல Gi0/1 போர்ட் சும்மா இருந்தா சர்வரை அங்க மாத்திப் பாருங்க. கேபிள் 100 மீட்டரைத் தாண்டினாலும் லேட் கொலிஷன் வரும், ஆனா உங்களுக்கு 12தான்னு சொல்றீங்க.

தேங்காப்பட்டணம்:
எனக்கும் இதே தொல்லை. கேமரா படம் விட்டு விட்டு வருது. நடுவுல ஃபைபர் கன்வெர்ட்டர் ரெண்டு இருக்கு. சுவிட்சை மாத்தினா சரியாகுமா?

வேளிமலை:
குளச்சல் தம்பி, துரு புடிச்ச ஜாக்கோட அடையாளம் வேற. அதுல பிட்டு சிதைஞ்சு வரும், அதனால வாங்குற பக்கத்துல சி.ஆர்.சி. ஏறும். உங்க சுவிட்ச் போர்ட்ல சி.ஆர்.சி. பூஜ்யம், லேட் கொலிஷன் மட்டும் ரெண்டாயிரம். இது ரெண்டு முனையும் வேற வேற டூப்ளெக்ஸ்ல நிக்கிற கேஸாக்கும். ஹாஃப்னா ஒரு நேரத்துல ஒரு முனைதான் பேசலாம், ஃபுல்னா ரெண்டும் ஒரே நேரத்துல பேசலாம்.

ஹாஃப்ல இருக்கிற முனை அனுப்பிக்கிட்டு இருக்கும்போது எதிர்ப்பக்கத்துல இருந்து எதாவது வந்தா, மோதல்னு எடுத்துக்கிட்டு பாதியிலேயே நிறுத்திடும். ரெண்டு பக்கமும் ஹாஃப்னா, முறையான நீளக் கேபிள்ல அந்த மோதல் முதல் 64 பைட் போறதுக்குள்ள தெரிஞ்சிடணும். அதுக்கு அப்புறமும் ஒருத்தர் பேச ஆரம்பிக்கிறார்னா, அவர் வயரைக் கேக்கவே இல்ல, அதாவது ஃபுல்ல இருக்கார். 64 பைட்டுக்குள்ள மோதினா அதே ஃபிரேமைத் திரும்ப அனுப்பிடும். அதைத் தாண்டினா பெரும்பாலும் விட்டுடும், மேல இருக்கிற டி.சி.பி. தான் காத்திருந்து மறுபடி அனுப்பணும். உங்க அரை மணி நேரம் அந்தக் காத்திருப்புலதான் போகுது.

பிங் சுத்தமா இருக்கிறதுக்கும் காரணம் இதுதான். ஒரு பிங் போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் கிளம்புது, ஒரே நேரத்துல ரெண்டும் வயர்ல இல்ல. பேக்கப்ல பெரிய ஃபிரேம் சர்வருக்குப் போய்க்கிட்டே இருக்கும், சர்வர் நடுநடுவுல ஒப்புகை அனுப்பிக்கிட்டே இருக்கும். மோதல் அங்கதான்.

சர்வர் பக்கத்தைப் பாக்காம முடிவு பண்ண வேண்டாம். இதை ஓட்டி எண்ணை எழுதி வையுங்க, பத்து நிமிஷம் பேக்கப் ஓடவிட்டு மறுபடி பாருங்க. பழைய மொத்தத்தை நம்பாதீங்க, ஏறுதா இல்லையாங்கறதுதான் கணக்கு.

```
ethtool eno1
ethtool -S eno1 | grep crc
```

சுவிட்ச்ல தொடங்குறதுக்கு முன்ன `clear counters Fa0/7` போட்டுக்கிடுங்க.

வடசேரிக்காரன்:
அப்போ சுவிட்ச் போர்ட்டையும் 100, ஃபுல்னு கையால கட்டிடலாமே? ரெண்டும் ஒண்ணாயிடும்.

குளச்சல் கரை:
பாத்தாச்சு அண்ணே. சர்வர்ல `Speed: 100Mb/s`, `Duplex: Full`, `Auto-negotiation: off`. பத்து நிமிஷ பேக்கப்ல சுவிட்ச்ல லேட் கொலிஷன் 340 ஏறிச்சு, சர்வர்ல `rx_crc_errors` 331 ஏறிச்சு. `show interfaces status`ல அந்தப் போர்ட் `a-half`, `a-100`னு இருக்கு. சுவிட்ச் ஆட்டோலதான் இருக்கு, ஆட்டோன்னா ஏன் ஃபுல் எடுக்கல? முன்னால இருந்தவர் `/etc/rc.local`ல ஒரு வரி போட்டு வச்சிருக்கார்:

```
ethtool -s eno1 speed 100 duplex full autoneg off
```

வேளிமலை:
கேட்டியளா, ரெண்டு எண்ணும் சேந்து ஏறுது. சுவிட்ச் பாதியில நிறுத்தின ஒவ்வொரு ஃபிரேமும் சர்வருக்குத் துண்டாப் போய்ச் சேருது, அது அங்க சி.ஆர்.சி. பிழைன்னு பதிவாகுது. ஒரு முனையில லேட் கொலிஷன், மறு முனையில சி.ஆர்.சி. இந்த ஜோடியைப் பாத்தா வேற சோதனை தேவைப்படாது. சர்வரை மட்டும் பாத்திருந்தா எல்லாரும் கேபிளைத்தான் குத்தம் சொல்லியிருப்பாங்க.

ஆட்டோல இருக்கிற சுவிட்ச், எதிர்ல இருக்கிறவர்கிட்ட "என்ன முடியும்"னு கேக்கும். சர்வர் ஆட்டோவை நிறுத்தி வச்சதால பதிலே சொல்லல. வேகத்தை மட்டும் சிக்னலைப் பாத்தே 100ன்னு கண்டுபிடிச்சிடும், டூப்ளெக்ஸை அப்படிக் கண்டுபிடிக்க வழியில்ல. பதில் வராட்டா ஹாஃப்தான் எடுக்கணும்னு விதி. சுவிட்ச் விதிப்படிதான் நடந்திருக்கு. Gi0/1க்கு மாத்தியிருந்தாலும் இதே ஹாஃப்லதான் நின்னிருக்கும்.

வேகம் மட்டும் ஒத்துவராத கேஸ் இப்படி இருக்காது. ஒரு பக்கம் 10, மறு பக்கம் 100ன்னு ரெண்டையும் கையால கட்டினா லிங்க் லைட்டே சரியா எரியாது. அதைக் கண்டுபிடிக்க கவுண்டர் வேண்டாம்.

வடசேரி அண்ணாச்சி சொன்ன வழியும் ஓடும், தப்பில்ல. ஆனா நாளைக்கு சர்வர் பழுதாகி புதுசு வச்சா அது ஆட்டோல வரும், சுவிட்ச் கட்டிக் கிடக்கும், அப்போ புது சர்வர் ஹாஃப்ல போய் நிக்கும். அதனால ரெண்டு பக்கமும் ஆட்டோவே நல்லது. பிறகு என்னைக்காவது சர்வரை கிகாபிட்டுக்குக் கொண்டு போனா, செப்புக் கேபிள்ல அதுக்கு ஆட்டோ இல்லாம முடியவே முடியாது. rc.local வரியை எடுத்துட்டு, சர்வர் முன்னால உக்காந்து இதை ஓட்டுங்க. தூரத்துல இருந்து செய்யாதீங்க, லிங்க் சில நொடி அறுந்துதான் வரும்.

```
ethtool -s eno1 autoneg on
```

குளச்சல் கரை:
போட்டுட்டேன். இப்போ `a-full`, `a-100`. பேக்கப் ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடுச்சு, லேட் கொலிஷன் பூஜ்யத்துலயே நிக்குது. ஆனா சர்வர்ல சி.ஆர்.சி. முழுசா நிக்கல அண்ணே, நேத்து சாயங்காலத்துல இருந்து 3 ஏறியிருக்கு.

வேளிமலை:
அந்த 3 டூப்ளெக்ஸ் இல்ல, இப்போ மோதலே கிடையாது. வடசேரி அண்ணாச்சி சொன்ன ஜாக்கை இப்போ பாக்கலாம். சர்வர் பக்க ஜாக்கைக் கழட்டி ஊசியெல்லாம் வெளிச்சத்துல பாருங்க, அந்த முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் பண்ணுங்க. அப்பவும் ஏறினா கார்டோ சுவிட்ச் போர்ட்டோன்னு ஒவ்வொண்ணா மாத்தித்தான் பிரிக்கணும்.

வடசேரிக்காரன்:
சுவர்ல பதிச்ச ஜாக் இருந்தா அதையும் திறந்து பாருங்க தம்பி. கடல் பக்கம் முதல்ல போறது அதுதான்.

தேங்காப்பட்டணம்:
அண்ணே, என் கன்வெர்ட்டர்?

வேளிமலை:
சுவிட்சை இப்போ மாத்தாதீங்க. சின்னக் கன்வெர்ட்டர்ல கவுண்டர் இருக்காது, அதனால அது சொருகியிருக்கிற சுவிட்ச் போர்ட்டைப் பாருங்க. அங்க ஹாஃப்னு இருந்து லேட் கொலிஷன் ஏறினா, கன்வெர்ட்டர் ஃபுல்னு கட்டிக் கிடக்கு. சில மாடல்ல பக்கவாட்டுல பொடி சுவிட்ச் வரிசையா இருக்கும், அதுல ஆட்டோ இருக்கும். போர்ட் ஃபுல்ல இருந்தும் படம் விட்டு வந்தா காரணம் வேற, ஃபைபர் முனையாக்கூட இருக்கலாம். உங்க சுவிட்ச்ல `show interfaces` மாதிரி எதாவது பாக்க முடியுமா, இல்ல மேனேஜ் பண்ண முடியாத சின்ன சுவிட்சா?

தேங்காப்பட்டணம்:
எட்டு போர்ட் பிளாஸ்டிக் சுவிட்ச் அண்ணே, லைட் மட்டும்தான் இருக்கு.

வேளிமலை:
அப்போ லேப்டாப்பை எடுத்துட்டுப் போய், ஆட்டோல வச்சு நேரா கன்வெர்ட்டர்ல சொருகுங்க. `ethtool`ல `Duplex: Half`னு வந்தா கன்வெர்ட்டர்தான். அதைப் பாத்துட்டுச் சொல்லுங்க.